மறுகா? – ஐந்து நிமிடத்தில் ஒரு கதை சொன்னது

எங்களுக்குத் தந்தது ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடத்தை மாங்கேணி எங்கே இருக்கிறது எண்டு சொல்வதிலேயே முடித்துவிட்டம்.

வாழைச்சேனையில் இருந்து வாகரைக்குப் போற பாதையில், காயங்கேணி தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்துக்கு முன்னால். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. பிறகு சுனாமி, யுத்தம், இடம்பெயர்வு, திரும்பி வந்தது. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னம். கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்களுக்கு முன்னுரை இல்லாமல் ஒன்றையும் தொடங்க வராது. கதையும் எங்களுக்கு ஒரு ஒப்படை மாதிரித்தான் வந்தது.

முன்னால் இருந்தவர் மட்டக்களப்பு டவுனில் வியாபாரம் செய்பவர். சில குறும்படங்களுக்குக் காசு போட்டிருக்கிறார். இங்கே தயாரிப்பாளர் எண்டால் பெரும்பாலும் இப்படித்தான், வேறு தொழிலில் உழைத்த காசைச் சினிமாவில் போடுகிறவர். 1972இல் வந்த ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்த வி. எஸ். துரைராஜாவும் தொழிலால் ஒரு கட்டடக் கலைஞர்தான். அப்படியானவர் கதை கேட்கும்போது ஒரு பக்கம் ரசிகர், மறுபக்கம் தன் வீட்டுக் காசை எண்ணுகிறவர். எங்களுக்கு அது அண்டைக்கு விளங்கவில்லை.

“அதெல்லாம் சரி மனே. படத்துல ஆரு?” எண்டு கேட்டார்.

“ஒரு தாய் சேர். அவட மகன் காணாமப் போயிட்டார். தாய்மாரின்ட வலியச் சொல்ற படம்.”

“கடைசியில என்ன நடக்குது?”

“அது சஸ்பென்ஸ் சேர். படத்துல பாத்தாத்தான் நல்லா இருக்கும்.”

அவர் சிரித்தார். “நீங்க எனக்கு டிக்கெட் விக்க வரல்ல புள்ள. என்ட காசக் கேட்டு வந்திருக்கீங்க. கடைசி தெரியாம நான் எப்பிடிக் குடுக்கிற?” பிறகு போனை எடுத்துப் பார்த்தார். “சரி, எழுதிட்டு ஒரு நாளைக்கு வாங்க, பாப்பம்.”

அந்த ‘ஒரு நாளைக்கு’ எண்டால் என்ன நாள் எண்டு எல்லாருக்கும் தெரியும். வந்தாறுமூலைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் நாங்கள் ஆளையாள் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தம்.

*

தமிழ்நாட்டில் இதைக் ‘கதை சொல்றது’ எண்டே சொல்வார்கள். இயக்குநர் ஆகப் போகிறவர் தயாரிப்பாளருக்கோ நடிகருக்கோ முன்னால் இருந்து, காட்சி காட்சியாக, சத்தம், இசை எல்லாம் வாயாலேயே போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் சொல்வார். ஐந்து நிமிடத்தில் சொல்கிறது அதின்ட சுருக்கம் இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தை எனக்குத் தாங்க எண்டு கேட்கிறதுதான் இது. அதனால் ஐந்து நிமிடத்துக்குள் முழுக் கதையையும் அடைக்கத் தேவையில்லை. கேட்கிறவருக்கு மூன்று விஷயம் பிடிபட்டால் போதும்: யார், அவருக்கு என்ன வேணும், கடைசியில் அவர் என்ன செய்கிறார். நாங்கள் முதலாவதை ஒரு சொல்லில் சொன்னம், இரண்டாவதைச் சொல்லவே இல்லை, மூன்றாவதை ஒளித்து வைத்தம்.

முடிவை ஒளிக்கிறது எவ்வளவு மடத்தனம் எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினது ‘பீட்சா’ படம். ஹொஸ்டலில் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தம். 2012இல் வந்த படம், இனியும் முடிவைச் சொல்லிட்டீங்களே எண்டு ஆரும் கோவிக்கக் கூடாது.

கார்த்திக் சுப்பராஜ் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டியில் இருந்து வந்தவர். முதலில் அவர் கையில் இருந்த கதை ‘ஜிகர்தண்டா’. அதுக்குச் செலவு கூட. முதற்பட இயக்குநரை நம்பி அவ்வளவு காசு போட ஆள் கிடைக்காததால், குறைந்த செலவில் எடுக்கக் கூடியதாக ‘பீட்சா’வை எழுதினார். தயாரித்தவர் சி. வி. குமார். ‘ஜிகர்தண்டா’ 2014இல்தான் வந்தது. கதையின் அளவு கேட்கிறவர் போடக்கூடிய காசின் அளவுக்குப் பொருந்த வேணும் எண்டது இதில் இருக்கிற முதல் பாடம்.

எங்களைப் பிடித்தது இரண்டாவது பாடம். அந்தப் படத்தை ஐந்து நிமிடத்தில், முடிவை ஒளித்து, நாங்கள் சொல்லிப் பார்த்தம். “பீட்சா கொண்டுபோய்க் குடுக்கிற ஒருத்தன் ஒரு வீட்டுக்குப் போறான். அங்க பேய் இருக்கு. வெளிய வர ஏலாது. மறுகா என்ன நடந்தது எண்டது சஸ்பென்ஸ்.” கேட்டால் என்ன தோன்றும்? இன்னுமொரு பேய்ப்படம், அவ்வளவுதான். நூறு பேர் சொல்லக்கூடிய கதை.

இப்ப முடிவோடு சொல்லிப் பார்த்தம். “பீட்சா கடையில வேலை செய்ற மைக்கேலிட்ட முதலாளி ஒரு பெட்டியக் குடுத்து வீட்ட கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றார். வழியில தற்செயலா அதுக்குள்ள வைரம் இருக்கிறதக் கண்டிடுறான். அவனும் அவன்ட காதலியும் அதை எடுக்க முடிவெடுக்கிறாங்க. முதலாளின்ட மகளுக்குப் பேய் பிடிச்சிருக்கு எண்டு அவனுக்குத் தெரியும். அதனால பேய் வீட்டுல மாட்டின மாதிரி ஒரு கதையக் கட்டி அவருக்குச் சொல்றான். நாங்க படத்துல கனநேரம் பாத்தது அந்தப் பொய்யத்தான். கடைசியில அவன் உண்மையான பேய் வீட்டு வாசல்ல போய் நிக்கிறான்.” இது வேறு கதை. காசு போடுகிறவர் வாங்குவது இதைத்தான். முடிவை எடுத்துவிட்டால் ‘பீட்சா’வில் விற்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை.

இன்னொன்றும் கண்டம். மைக்கேல் செய்கிறதும் கதை சொல்றதுதான். முதலாளி எதுக்குப் பயப்படுகிறார் எண்டு தெரிந்துகொண்டு, அந்தப் பயத்துக்கு ஏற்ற கதையைச் சொல்கிறான். கேட்கிறவர் ஆர் எண்டு தெரியாமல் அவன் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் டவுனில் ஒரு வியாபாரிக்கு, விரிவுரையாளருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னம்.

*

ஆனால் எங்கட கதையில் பெரிய சிக்கல் வேறு. எங்களில் ஒருத்தி மாங்கேணிக்காரி. கதை அவளுடைய அம்மம்மாவில் இருந்து வந்தது. முற்றத்துப் பூவரச மரத்துக்குக் கீழே ஒரு தோணி கவிழ்த்து வைத்திருக்கிறது. அது அவளுடைய மாமாவின் தோணி. மாமா யுத்த காலத்தில் காணாமல் போனவர். அம்மம்மா ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன்னால் அதுக்குத் தார் பூசுவிப்பா. ஒருத்தரும் தொடக் கூடாது. மகன் வந்தால் அவருக்குத் தொழிலுக்குத் தோணி வேணுமே.

“முடிவச் சொல்லு எண்டால் நான் என்னெண்டு சொல்ற?” எண்டு அவள் கேட்டாள். “எங்களுக்கே தெரியாதே. செத்திட்டார் எண்டு படம் முடிஞ்சா அம்மம்மா என்ட முகத்துல முழிக்க மாட்டா. திரும்பி வந்திட்டார் எண்டு முடிச்சா அது பொய்.”

நாங்கள் ஒண்டும் பேசவில்லை. இந்த நாட்டில் 2016இல் சட்டம் கொண்டுவந்து, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எண்டு ஒன்று கொடுக்கிறார்கள். முடிவு தெரியாது எண்டதுக்கே கடதாசி இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, ஒரு தயாரிப்பாளருக்கு என்னெண்டு முடிவு சொல்கிறது?

இரண்டு கிழமை இதிலேயே நிண்டம். பிறகு மற்றவன்தான் கேட்டான்: “படம் மாமாவப் பத்தியா, அம்மம்மாவப் பத்தியா?”

அம்மம்மாவைப் பற்றித்தான். அப்படியெண்டால் மாமாவுக்கு என்ன நடந்தது எண்டது முடிவு இல்லை. அது கதை தொடங்குமுன் நடந்த ஒன்று. முடிவு எண்டது முதன்மைப் பாத்திரம் கடைசியாகச் செய்கிற ஒரு செயல். அந்தத் தாய் தோணியை என்ன செய்கிறாள்? அதுக்குப் பதில் சொன்னால் போதும், மற்றக் கேள்வி திறந்தே இருக்கலாம். அவருக்கு என்ன நடந்தது எண்டு அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. ஆனால் படம் முடிந்துவிடும்.

இதுக்குப் பிறகுதான் கதையைக் கட்டினம். தாய்க்குப் பொன்னம்மை எண்டு பெயர் வைத்தம். ‘பாசமானவள், வைராக்கியமானவள்’ எண்ட வர்ணனை எல்லாத்தையும் வெட்டினம். தார் பூசுகிறது ஒண்டே காணும். அந்த ஒரு செயலில் அவள் ஆர் எண்டு தெரிந்துவிடும். எதிரில் ஒரு ஆள் வேணும். அவளுடைய பேரன், காணாமல் போனவரின்ட மகன், பதினெட்டு வயது. அவனுக்குத் தொழிலுக்குத் தோணி வேணும். இல்லாட்டி கட்டாருக்குப் போக வேணும். நாள் ஒன்றும் வேணும்: ஏஜென்சிக்காரன் காசு கட்டச் சொன்ன தவணைக்குப் பதினைந்து நாள். இப்ப பொன்னம்மை ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் பேரன் எண்டு நிற்கிறாள். தோணியை விட்டால் மகனை விட்ட மாதிரி. விடாட்டி பேரனும் போய்விடுவான்.

*

சொல்லிப் பழகினது மாங்கேணிக் கரையில். கரைவலை இழுத்து முடித்து, மீன் பிரித்துப்போட்டு இருக்கிற ஆக்களுக்குச் சொன்னம். அவர்களைப் போல நேர்மையான ஆக்கள் கிடைக்காது. பிடிக்காவிட்டால் பாதியில் எழும்பிப் போய்விடுவார்கள்.

அங்கே சில விஷயம் கண்டம். “அது ஆரு?” எண்டு ஒருவர் இடையில் கேட்டால் பெயர் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். முதலில் நாங்கள் ஆறு பேருக்குப் பெயர் சொன்னம். பிறகு பொன்னம்மைக்கு மட்டும் பெயர், மற்றவர்கள் எல்லாரும் பேரன், மருமகள், ஏஜென்சிக்காரன். “அது எப்ப நடந்தது?” எண்டு கேட்டால் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிட்டம். ஒருவரும் ஒண்டும் கேட்காமல் கடலைப் பார்த்தால் நாங்கள் கதையை விட்டுவிட்டுக் கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டம். “மறுகா?” எண்டு கேட்டால்தான் கதை போகுது. மட்டக்களப்பில் ‘பிறகு’ எண்டதுக்கு மறுகா எண்டுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் எத்தனை இடத்தில் வருது எண்டு எண்ணினம்.

நேரத்தையும் போனில் பிடித்துப் பார்த்தம். பதறாமல் சொன்னால் எங்களுக்கு ஒரு நிமிடத்தில் எண்பது, தொண்ணூறு சொல்தான் வருது. ஐந்து நிமிடம் தந்தால் நாலு நிமிடத்துக்குள் முடிக்க வேணும், மிச்சம் அவர் கேள்வி கேட்கிறதுக்கு. அப்ப மொத்தமே முந்நூற்றைம்பது சொல். அதை மூன்று பேர் பங்கு போட ஏலாது. ஒருவர் சொல்ல மற்ற இருவரும் வாயை மூட வேணும் எண்டு முடிவெடுத்தம். சொல்கிறது மாங்கேணிக்காரி. மனப்பாடம் செய்ய விடவில்லை. முதல் வசனம், கடைசி வசனம் இரண்டும் மட்டும் மாறக் கூடாது, நடுவில் அவள் தன் வாயால் சொல்லலாம். மனப்பாடம் செய்தால் இடையில் ஒரு கேள்வி வந்த உடனே எல்லாம் மறந்துபோகும். அதுவும் கரையில் நடந்ததுதான்.

கடைசியில் நிண்ட வடிவம் இது. அவள் சொன்னபடியே, கொஞ்சம் சுருக்கி:

“மாங்கேணியில பொன்னம்மை எண்டு ஒரு மனுசி, காணாமப் போன மகன்ட தோணிக்கு வருசா வருசம் தார் பூசி வெச்சிருக்கா, அவர் வந்தா தொழிலுக்குப் போக வேணும் எண்டு. அந்தத் தோணி பதினஞ்சு வருசமாத் தண்ணியக் காணல்ல. இப்ப பேரன் வந்து கேக்கிறான், ‘அப்பம்மா, தோணியத் தாங்க, இல்லாட்டி நான் கட்டாருக்குப் போறன்.’ ஏஜென்சிக்குக் காசு கட்டப் பதினஞ்சு நாள் இருக்கு. அவ மாட்டன் எண்டுட்டா.

“பேரன் ஒரு நாள் ராவையில களவாத் தோணிய இறக்கிறான். இத்தின வருசம் வெயில்ல கிடந்த பலகை, வெடிச்சிருக்கு. வெளிய பூசின தார் அத மறைச்சிருக்கு. தண்ணி உள்ளுக்கு வருது. அவன் நீந்தி வந்திட்டான், தோணி பாதி தாண்டு நிக்குது. விடிய ஊரே பாக்குது. மகனுக்காகப் பாத்துப் பாத்து வெச்ச தோணி, மகன் வந்திருந்தாலும் மிதந்திருக்காது எண்டு அப்பதான் அவவுக்குத் தெரியுது.

“அவ ஏசல்ல. தோணியக் கரைக்கு இழுப்பிச்சு, மிச்ச நாளும் அவவும் பேரனும் இருந்து பலகை மாத்துறாங்க. கடைசி நாள், ஏஜென்சிக்காரன் வந்து நிக்கிறான். பேரன் தோணிய இறக்கிறான். தாங்கிறதுக்குக் கம்பு வேணும். மகன்ட கம்பு வீட்டு இறப்புல சொருகிக் கிடக்கு. பேரன் அதைப் பாக்கிறான். அவ போய்ப் புதுக் கம்பு ஒண்டு வெட்டிக் கொண்டு வந்து குடுக்கிறா. தோணி போகுது. பழைய கம்பு அந்த இடத்துலேயே இருக்கு.”

*

டவுனுக்குப் போக முன்னம் அம்மம்மாவுக்குச் சொல்ல வேணும் எண்டு நாங்கள் மூன்று பேரும் சொன்னம். அவ கேட்டு, வேணாம் எண்டால் விடுகிறது. வலை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டா. இரண்டு இடத்தில் “மறுகா?” எண்டா. தோணி தாழ்கிற இடத்தில் கை நிண்டது. முடிந்த பிறகு கனநேரம் பேசவில்லை.

“அவள் கம்பக் குடுக்கல்லதானே?”

“இல்ல அம்மம்மா.”

“அப்ப சரி. அவள் தோணியக் குடுத்தாள், நான் குடுக்கல்ல. அது அவள்ட கதை. சொல்லுங்க.”

அந்தப் பின்னேரம் எங்களில் மற்றவன் போய்த் தோணியின் பலகையைத் தட்டிப் பார்த்தான். அவ கண்டா, ஏசவில்லை.

தயாரிப்பாளர் முதலில் “திரும்பவும் நீங்களா” எண்டுதான் பார்த்தார். இந்த முறை ஊர் எங்கே எண்டு சொல்லவில்லை. பொன்னம்மையில் இருந்தே தொடங்கினம். அவர் போனை எடுக்கவில்லை. முடிந்ததும் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடத் தாய்மாரின் வலியைப் பற்றி இல்லை. ராவில் தண்ணிக்குள் எடுக்கிற காட்சி எத்தனை? கமெராவுக்குத் தனித் தோணி வேணுமா? மாரி தொடங்கமுன் எடுக்க ஏலுமா? எத்தனை நடிகர்? தோணி தாழ்கிறதை விடியப்புறம் எடுக்கலாம், ராவுக்கு லைட் தேவையில்லை எண்டு சொன்னம். பேசுகிற பாத்திரம் நாலுதான் எண்டு சொன்னம். நாட்கணக்குக் கேட்டபோது தடுமாறினம். அதை எண்ணிக்கொண்டு போகவில்லை. அது எங்கட பிழை. காசு போடுகிறவர் கேட்கப் போகிற முதல் கேள்வியே அதுதான்.

“முழுநீளப் படத்துக்கு என்னட்ட காசு இல்ல” எண்டார். “அரை மணித்தியாலம் எண்டா யோசிக்கலாம். ரெண்டு பக்கத்துல எழுதி, எத்தின நாள், எவ்வளவு செலவு எண்டு போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள தாங்க.” இந்த முறை ‘ஒரு நாளைக்கு’ எண்டு சொல்லவில்லை, கிழமையைச் சொன்னார்.

நாங்கள் படியிறங்கும்போது உள்ளே அவர் ஆரோடயோ போனில் கதைப்பது கேட்டது. “ஒரு தாய் மனுசி. காணாமப் போன மகன்ட தோணியப் பேரனுக்குக் குடுக்கிறா, ஆனா கம்பக் குடுக்க மாட்டா.” இரண்டே வசனம். முந்நூற்றைம்பது சொல்லில் நாங்கள் சொன்னதை அவர் அப்படியே கொண்டுபோய் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் வேலை செய்ததா இல்லையா எண்டு பார்க்கிறதுக்கு இதைவிட வேறு வழி இருக்கிறதாக எங்களுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பக்கமும் கொடுத்திட்டம். பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை மாங்கேணிக்குப் போனபோது அம்மம்மா கேட்டா, “அந்த முதலாளி என்ன சொன்னவர்? மறுகா?”